வாடகையும் பெட்ரோலும் போக

சென்னையில் ஆட்டோவுக்கு 2013-இல் அறிவித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்கில் ஐந்து கிலோமீட்டர் சவாரிக்கு ஏறத்தாழ 63 ரூபாய்தான் வரும். நேற்று அப்படிப் பதினான்கு சவாரி ஏற்றினேன். மீட்டர்படி மட்டும் வாங்கியிருந்தால் 888 ரூபாய். சவாரி தேடி வெறும் வண்டியாக ஓடிய 40 கிலோமீட்டரையும் சேர்த்து 110 கிலோமீட்டர் ஓடியதில் பெட்ரோலுக்கு 440 ரூபாய் போனது, அந்த வெற்று ஓட்டத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஓனருக்கு நாள் வாடகை 350. மிச்சம் 98 ரூபாய்! பதின்மூன்று மணி நேரம் ஓட்டியவன் அதில் எதைச் சாப்பிடுவான், எதை வீட்டுக்குக் கொண்டுபோவான்? கூடுதலாகக் கேட்டால் கொள்ளைக்காரன் என்கிறார்கள். எனக்கும் பேரம் பேசப் பிடிக்கவில்லை, ஆனால் கேட்காமல் அடுப்பு எரியாது. மழையில் தெரு மூழ்கினாலும், கிளட்ச் கேபிள் அறுந்து பாதி நாள் மெக்கானிக் கடையில் உட்கார்ந்தாலும், அந்த 350 ரூபாயில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. எடுக்காத சவாரிக்கும் நான் ஏன் வாடகை கட்ட வேண்டும்? கையில் இல்லாத நாளில் அது கடனாகி, மறுநாள் காலை முதல் சவாரிக்கு முன்பே என் கணக்கில் 700 ரூபாயாக நிற்கிறது.