சளிக்கு அமாக்சிசிலின்
“மூணு நாள் அமாக்சிசிலின் போட்டேன், சளி போயிடுச்சு, அப்புறம் எப்படி வேலை செய்யாதுன்னு சொல்றீங்க?” மேலே கேட்ட நண்பருக்கு: மருந்தை எந்த நாளில் ஆரம்பித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தொண்டை கரகரக்கும் முதல் நாள் யாரும் மருந்துக் கடைக்குப் போவதில்லை, மூக்கு முழுசாக அடைத்து மூன்றாம் நான்காம் நாள்தான் போவோம், சாதாரண சளி உச்சத்தில் இருந்து இறங்கத் தொடங்குவதும் அப்போதுதான், ஆக நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் செய்வது ஒரே வேலை. பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டுதான் வளரும், அந்தச் சுவரின் இழைகளைப் பிணைக்கும் நொதியை மருந்து முடக்கிவிடும், சிமெண்ட் வைக்காமல் அடுக்கிய செங்கல் மாதிரி சுவர் பலமிழந்து, உள்ளே தண்ணீர் ஏறி பாக்டீரியா வெடித்துவிடும். சளிக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோவைரஸுக்கோ சுவரே கிடையாது, வெறும் புரத உறைக்குள் கொஞ்சம் ஆர்.என்.ஏ., அவ்வளவுதான். அது பெருகுவதும் நம் மூக்குச் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை வைத்துத்தான், அதனால் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடிக்கும் அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் இங்கே ஆகாது. சளி மஞ்சளானால் மருந்து வேண்டும் என்பதும் சரியில்லை, நம் வெள்ளணுக்கள் சேர்ந்தாலே அந்த நிறம் வரும். போன மார்கழியில் திருமங்கலத்தில் என் மகளுக்கு இப்படித்தான் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன், சளி அதன் போக்கில் ஒரு வாரம் இருந்தது, நடுவில் நாலு நாள் வயிற்றுப்போக்குதான் மிச்சம். பத்து நாளுக்கு மேல் குறையாமல் இழுத்தாலோ, சரியாகி வரும்போது திரும்பக் காய்ச்சல் அடித்தாலோ அது வேறு கதை, பாக்டீரியா சேர்ந்திருக்கலாம், அப்போது டாக்டரிடம் காட்டுங்கள்.