எல்லாவற்றுக்கும் "ட்ரெய்னிங் குறை" என்று எழுதி மூடுகிறவர்களுக்கு

இன்றைக்கும் காலை ஆறேகாலுக்கு போன். எடுத்ததும் களஞ்சியப் பொறுப்பாளர் நானா, "தம்பி, நெல்லு திரும்பவும் மைனஸ்" என்றார். அதாவது மில்லின் புது ஸ்டொக் சிஸ்டத்தில் நெல் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே. நான் கல்லடியில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன், மில் சம்மாந்துறைப் பக்கம். போய்ச் சேருவதற்குள் கொழும்பில் இருக்கிற மென்பொருள் கம்பனியின் சப்போர்ட் பிள்ளை முறைப்பாட்டு டிக்கெட்டுக்கு வகை போட்டு மூடிவிட்டது. வகை: ட்ரெய்னிங் குறை. காரணம் ஒரு வரி, "யூசர் சரியான படிமுறையைப் பின்பற்றவில்லை". யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. தலைப்பில் "மைனஸ்" என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக அந்த வகைக்குப் போகிறது.

கோ-லைவ் பண்ணி, அதாவது சிஸ்டத்தை நிஜ வேலைக்கு இறக்கி, மூன்றாவது கிழமை இது. பெரும்போக அறுவடை நேரத்தில், லொறி வரிசை ரோட்டு வரைக்கும் நிற்கிற மாசத்தில், புது சிஸ்டம் தொடங்கச் சொன்ன புண்ணியவான் யாரென்று பிறகு கேட்கிறேன். இப்போதைக்கு என் வேலை ஹைப்பர்கேர், அதாவது கோ-லைவுக்குப் பிறகு கம்பனி கூடவே நின்று பார்க்கிற காலம், முடியும்வரை வருகிற டிக்கெட்டுகளைப் பிரிப்பது. மென்பொருளில் பிழையா, செட்டப்பில் பிழையா, ஆட்களுக்குத் தெரியாததா என்று. கேட்க லேசாக இருக்கும். இந்த மூன்று கிழமைக்குள் ஒரே தலைப்பில், "நெல் ஸ்டொக் மைனஸ்" என்று மூன்று டிக்கெட் வந்தது. மூன்றும் மூன்று வேறு காரணம். கொழும்பு மூன்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது.

முதலாவது. 40 மூடை நெல் வந்தது, தராசில் 2,640 கிலோ. சிஸ்டத்தில் ஏறியது 2,000. அரைக்க எடுத்தது 2,640. அப்போ 640 கிலோ மைனஸ் வராமல் என்ன வரும்? அரிசிப் பொருளின் அட்டையை அப்படியே பிரதி எடுத்து நெல்லுக்கு வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு மூடை 50 கிலோ. அரிசி பையில் அளந்து கட்டுவது, அதற்குச் சரி. நெல் மூடை வயலில் கட்டுவது, எடை ஒன்றுக்கொன்று மாறும். இது அப்பட்டமான செட்டப் பிழை. கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. நெல்லில் மட்டும்தான் வருகிறது, யார் பதிந்தாலும் வருகிறது, சிஸ்டத்தில் ஏறுவது எப்போதும் மூடைக்குச் சரியாக 50. எந்த ட்ரெய்னிங் கொடுத்தாலும் 50 அறுபத்தாறாக மாறாது.

நான் சத்தம் போட்ட பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா, 50ஐ அழித்துவிட்டு 66 என்று போட்டு மூடிவிட்டார்கள். அடுத்த லொறி 40 மூடை, தராசில் 2,580. சிஸ்டம் 2,640 என்கிறது. இல்லாத 60 கிலோ நெல் களஞ்சியத்தில் ஆவியாக நிற்கிறது. நெல்லைக் கிலோவில்தான் வாங்க வேண்டும், தராசு காட்டும் எடையை அப்படியே ஏற்ற வேண்டும், மூடை வெறும் எண்ணிக்கையாக நிற்க வேண்டும். இதைச் சொல்ல மூன்று கூட்டம். அதோடு செட்டப்பைத் திருத்தினால் ஏற்கெனவே 50 கணக்கில் ஏறிய ரசீதுகள் தானாகத் திருந்தாது. களஞ்சியத்தில் இருக்கிறதை நிறுத்துப் பார்த்து, வித்தியாசத்துக்குத் தனியாகப் பதிவு போட வேண்டும். அதைச் செய்யாமல் டிக்கெட்டை மூடினால் மாசக் கடைசியில் கணக்குப்பிள்ளை என் கழுத்தைத்தான் பிடிப்பார்.

இரண்டாவதுதான் எனக்கு வயிறு எரிகிற கேஸ். இணைப்பு மந்தமாக இருந்த ஒரு காலை, நானா அரைக்க எடுத்த நெல்லைப் பதிந்து 'சேமி' அமுக்கியிருக்கிறார். திரை அப்படியே நிற்கிறது. திரும்ப அமுக்கியிருக்கிறார். நீங்கள் அமுக்க மாட்டீர்களா? நான் அமுக்குவேன். பதிவுப் பட்டியலில் இப்படி இருந்தது:

```
ISS-00412   06:14:07   1320 kg
ISS-00413   06:14:11   1320 kg
```

நான்கு செக்கன் இடைவெளி, ஒரே எடை, ஒரே யூசர். நான்கு செக்கனில் யாரால் 20 மூடை இரண்டாம் தடவை நிறுத்துக் கொண்டுபோக முடியும்? கொழும்பின் பதில், "ஒரு தடவைக்கு மேல் அமுக்கக் கூடாது என்று யூசருக்குச் சொல்லுங்கள். ட்ரெய்னிங்."

இல்லை ஐயா. டெஸ்ட் சிஸ்டத்தில் நானே போய் பிரவுசரில் இணைப்பை வேண்டுமென்றே மந்தமாக்கி இரண்டு தடவை அமுக்கினேன், இரண்டு பதிவு. வேறு பொருளில் செய்தேன், இரண்டு. என்னைப் போல எல்லாம் தெரிந்த ஆள் செய்தாலும் வருகிறது, எந்த செட்டிங்கை மாற்றினாலும் நிற்கவில்லை. இதற்குப் பெயர் மென்பொருள் பிழை. அமுக்கியதும் பொத்தான் செத்துப்போக வேண்டும், அதுக்கு மேலே ஒரே கோரிக்கை இரண்டாம் தடவை வந்தால் சேர்வர் அதை ஏற்கக் கூடாது. பொத்தானை மட்டும் அடைத்தால், இணைப்பு அறுந்து பக்கத்தைத் திரும்பத் திறக்கிறபோது பழைய கூத்துத்தான்.

மூன்றாவது உண்மையிலேயே ட்ரெய்னிங் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரவு வந்த லொறி இறக்கி, விடிய அரைக்க எடுத்து, எடுத்ததைப் பதிந்துவிட்டு, வந்ததை பத்து மணிக்குப் பதிந்திருக்கிறார்கள். பதிந்த நேரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆறு மணிக்கு மைனஸ், பத்து மணிக்குத் தானாகச் சரி. ஆனால் அந்த ட்ரெய்னிங் எப்படி நடந்தது என்று சொல்லவா? கோ-லைவுக்கு மூன்று கிழமை முதல், இரண்டு மணித்தியாலம், ஆங்கில ஸ்லைட், ஒருவருக்கும் லொகின் இல்லை. நானா கடைசி வரிசையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார், வேறு என்ன செய்வார்? இரவு கேற்றில் ஒரு கம்ப்யூட்டரும் இல்லை என்பதை எந்த ஸ்லைடும் சொல்லவில்லை. அது ட்ரெய்னிங்கால் தீராது, ஒரு டேப்லட்டால் தீரும்.

கொழும்புக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒப்பந்தப்படி மென்பொருள் பிழை என்றால் அவர்கள் இலவசமாகத் திருத்த வேண்டும். பெரிய பிழை திறந்திருக்கும்வரை ஹைப்பர்கேரை முடிக்க முடியாது, முடியாவிட்டால் கடைசித் தவணை வராது. அப்போ "ட்ரெய்னிங்" என்று எழுதினால் பழி நானா தலையில், காசு அவர்கள் பையில். எங்கள் முதலாளியும் குறைந்தவர் இல்லை. புதுசாக ஒரு ரிப்போர்ட் வேண்டுமென்றாலும் "பிழை" என்றே டிக்கெட் போடச் சொல்கிறார், மேலதிகமாகக் காசு கட்ட வேண்டாமே என்று. இரண்டு பக்கமும் காரணத்தைப் பார்க்காமல் பில்லைப் பார்த்து வகை போடுகிறார்கள், நடுவில் நான்.

இன்று காலை வந்ததைப் போய்ப் பார்த்தேன். 06:02:31, 06:02:36. அதே இரட்டைப் பதிவு. மூடிய டிக்கெட்டைத் திரும்பத் திறந்து, வகையை மாற்றி, டெஸ்ட் சிஸ்டத்தில் செய்துகாட்டிய வீடியோவையும் ஒட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நானாவும் வருகிறேன் என்றிருக்கிறார், ஜும்ஆவுக்கு முதல் முடிப்பார்களென்றால்.