‘இரண்டு மடங்கு போதும்’ என்று இனியும் யாராவது சொன்னால்

மூன்று முறை மலை இறங்கி ஏறியாயிற்று. ஊட்டியில் எங்கள் ஆய்வகத்தில் அதிவேக மையவிலக்கி கிடையாது என்பதால், பாக்டீரியச் சவ்வு மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, விடியலில் பேருந்து பிடித்து, கொண்டையூசி வளைவுகளில் பெட்டி கவிழாமல் மடியில் அணைத்தபடியே கோயம்புத்தூர் போய், தெரிந்தவர்களிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் இயந்திரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அப்படிப் போன மூன்று முறையும் புரதம் பாழானதற்குக் காரணம் குளிரோ பயணமோ அல்ல. சவ்வைக் கரைத்து அதில் பதிந்த புரதத்தை வெளியே எடுப்பதற்கான செய்முறைத் தாளில் யாரோ எழுதி வைத்த ஒரே ஒரு வரிதான்: “டிடெர்ஜென்ட்டை மாறுநிலை மிசெல் செறிவைப் போல் இரண்டு மடங்கு சேர்க்கவும்.”

இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. மாறுநிலை மிசெல் செறிவு, அதாவது சிஎம்சி, என்ன சொல்கிறது? தண்ணீரில் டிடெர்ஜென்ட்டைச் சேர்த்துக்கொண்டே போனால், முதலில் மூலக்கூறுகள் தனித்தனியாக மிதக்கும். ஓர் அளவைத் தாண்டியதும், அதற்கு மேல் சேர்ப்பவை வால்களை உள்ளே மடக்கி உருண்டைகளாகத் திரளும். அந்த உருண்டைதான் மிசெல், அந்த அளவுதான் சிஎம்சி. கவனியுங்கள், இது வெறும் தண்ணீரைப் பற்றிய எண். அந்தக் குழாயில் எவ்வளவு சவ்வு இருக்கிறது என்பது இந்த எண்ணுக்குத் தெரியாது.

எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒளிரும் பச்சைப் புரதமான ஜிஎஃப்பியை வாலில் ஒட்டிய ஒரு கடத்திப் புரதம், ஈ.கோலையில் வளர்த்தது. பிரித்தெடுத்த சவ்வு 5 மி.லி.; அதில் மி.லி.க்கு 10 மி.கி. புரதம், ஆக மொத்தம் 50 மி.கி., கூடவே அதற்குரிய கொழுப்பும் உண்டு. நாங்கள் சேர்த்த டிடெர்ஜென்ட் டோடெசில் மால்டோசைடு, அதாவது டிடிஎம். அதன் சிஎம்சி சுமார் 0.17 மில்லிமோலார். இரண்டு மடங்கு என்றால் 0.34 மில்லிமோலார், எடையில் மி.லி.க்கு 0.17 மி.கி. ஐந்து மி.லி.க்கும் சேர்த்து ஒரு மில்லிகிராம்கூட வரவில்லை. ஐம்பது மில்லிகிராம் புரதத்தைச் சுமக்கும் சவ்வுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. போட்ட டிடெர்ஜென்ட்டில் பெரும்பகுதி சவ்வுக்குள் புகுந்து கரைந்துவிடுகிறது. தண்ணீரில் மிஞ்சும் தனி மூலக்கூறுகள் சிஎம்சியை எட்டுவதே இல்லை. ஒரு மிசெல்கூட உருவாகாது. 1,00,000 ஜி விசையில் ஒரு மணி நேரம் சுழற்றிய பின், கரையாத சவ்வாகக் குழாயின் அடியில் இறங்கிப் பச்சையாக ஒளிர்ந்த அந்தப் படிவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் அடக்க முடியவில்லை. அதைக் கண்டு, எங்களை மேற்பார்வையிடும் மூத்தவர் சொன்னார்: “டிடிஎம் இந்தப் புரதத்துக்கு ஒத்துவரவில்லை, ஆக்டைல் குளுக்கோசைடுக்கு மாறுங்கள்.”

மாறினோம், அதே இரண்டு மடங்கு விதியோடு. ஆக்டைல் குளுக்கோசைடின் சிஎம்சி சுமார் 20 மில்லிமோலார். இரண்டு மடங்கு என்றால் 40 மில்லிமோலார், எடையில் மி.லி.க்கு கிட்டத்தட்ட 11.7 மி.கி. அதாவது ஒரே விதியின் பெயரால், முதல் டிடெர்ஜென்ட்டை விட இதைச் சுமார் 67 மடங்கு எடையில் கொட்டியிருக்கிறோம்! சவ்வு கரையாமல் என்ன செய்யும்? படிவு சிறுத்தது, மேலே நின்ற தெளிந்த நீர் பச்சையாக ஒளிர்ந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். இந்த விதி இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: சிஎம்சி உயர்ந்த டிடெர்ஜென்ட்டை வைத்திருந்தவருக்கு அது தற்செயலாகப் பலித்தது, பலித்ததை அவர் எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதிவிட்டார்.

அந்தக் கைதட்டலும் அவசரக் கைதட்டல்தான். தெளிந்த நீரில் ஒளி இருப்பதால் புரதம் நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. ஜிஎஃப்பி தன்னளவில் மிக உறுதியான பீப்பாய். அது ஒட்டியிருக்கும் சவ்வுப் புரதம் குலைந்த பிறகும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். உண்மை தெரிய வேண்டுமானால் அதே நீரை அளவு பிரிக்கும் பத்தியில் ஓட்டி, ஒளி எந்த இடத்தில் வெளிவருகிறது என்று பார்க்க வேண்டும். சூப்பர்டெக்ஸ் 200 பத்தியில், 24 மி.லி. அளவுள்ளதில், எங்கள் ஒளி முழுவதும் 8 மி.லி. அருகிலேயே, துளைகளுக்குள் நுழைய முடியாத பெருந்திரள்கள் வெளிவரும் இடத்திலேயே, வந்து கொட்டியது. புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. ஆக்டைல் குளுக்கோசைடுக்கு எட்டுக் கார்பன் வாலும் ஒற்றைச் சர்க்கரைத் தலையும்தான். அந்தச் சிறு மிசெல், கூடவே வந்த கொழுப்பையும் உரித்துவிட்டு, புரதத்தின் நீர் வெறுக்கும் இடுப்பைச் சரியாகப் போர்த்துவதில்லை. தாங்கிக்கொள்ளும் உறுதியான புரதங்கள் உண்டு, எங்களுடையது அப்படிப்பட்டது அல்ல. டிடிஎம்முக்குப் பன்னிரண்டு கார்பன் வால், இரட்டைச் சர்க்கரைத் தலை. பெரிய மிசெல், மென்மையான பிடி. இந்த மென்மையும் கடுமையும் சிஎம்சி எண்ணைப் பார்த்தால் தெரியாது. எஸ்டிஎஸ் என்ற இன்னொரு டிடெர்ஜென்ட்டின் சிஎம்சி சுமார் 8 மில்லிமோலார், ஆக்டைல் குளுக்கோசைடைவிடக் குறைவு. ஆனால் மின்னூட்டமுள்ள தலையோடு புரதத்தின் மடிப்பையே அவிழ்த்துவிடுவது அதுதான்.

அந்த எண்ணாவது நிலையானதா என்றால் அதுவும் இல்லை. விற்பவர்களின் அட்டவணையில் அச்சிடுவது பெரும்பாலும் 25 டிகிரியில், உப்பில்லாத தண்ணீரில் அளந்தது. எங்கள் மேசையில் ஜனவரிக் காலையில் 10 டிகிரி இருந்தால் பெரிய விஷயம். ஆக்டைல் குளுக்கோசைடின் சிஎம்சி குளிரில் ஏறிவிடுகிறது, ஆகவே நாம் இரண்டு மடங்கு என்று நினைத்தது இரண்டு மடங்காகவும் இருப்பதில்லை. எஸ்டிஎஸ்ஸுக்கோ 0.1 மோலார் சாதாரண உப்பிலேயே அது 1.5 மில்லிமோலார் அருகே இறங்கிவிடும். (பனிக்கால விடியலில் எஸ்டிஎஸ் புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் கண்டு, கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள், வெதுவெதுப்பாக்கினால் கரைந்துவிடும்.)

நான்காம் முறை யாரையும் கேட்காமல், சவ்வை மி.லி.க்கு 5 மி.கி. என்று 10 மி.லி.க்கு நீர்த்து, டிடிஎம்மை 1 சதவீதம் சேர்த்தேன். மொத்தம் 100 மி.கி.; புரதத்தைப் போல எடையில் இரண்டு மடங்கு. சிஎம்சி கணக்கில் பார்த்தால் அது நூறு மடங்குக்கும் மேல், மூத்தவர் பார்த்திருந்தால் “புரதம் செத்துவிடும்” என்று கையைத் தட்டிவிட்டிருப்பார். 4 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் மெதுவாகச் சுழலவிட்டு, மீண்டும் பேருந்து, மீண்டும் கெஞ்சல். படிவில் ஒளி மங்கியிருந்தது; பத்தியில் 8 மி.லி.யில் சிறு மேடு மட்டும், அதைத் தாண்டி 12 மி.லி. அருகே ஒரே சீரான முகடு. ஆறு மாதமாக ஒத்துவராது என்று ஒதுக்கப்பட்ட அதே டிடிஎம்!

சிஎம்சி மடங்குக் கணக்குக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சவ்வு போன பிறகு, பத்தியைக் கழுவும் பஃபரில்தான் அதற்கு இடம். புரதத்தைப் போர்த்தியிருக்கும் டிடெர்ஜென்ட் ஓயாமல் கழன்று ஏறிக்கொண்டிருப்பதால், சுற்றியுள்ள நீரில் சிஎம்சிக்கு மேல் இருந்தாக வேண்டும். இல்லையேல் போர்வை உதிர்ந்து புரதம் கட்டியாகிவிடும். டிடிஎம்முக்கு அங்கே 0.03 சதவீதம், அதாவது மூன்று மடங்கு அளவில், போதும். கரைக்கும் படிக்கு ஒரு கணக்கு, காப்பாற்றும் படிக்கு வேறொரு கணக்கு. இதைச் செய்முறைத் தாளில் இரண்டு வரியாக எழுத யாருக்கும் மனம் வரவில்லை.

நேற்று அந்தத் தாளில் பழைய வரியை அடித்துவிட்டு, “சவ்வில் உள்ள புரதத்தை முதலில் அளக்கவும், ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் குறைந்தது 2 மி.கி. டிடிஎம்” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இன்று காலையில் பார்த்தால் அதன் மேல் வெள்ளை மை பூசி, பழைய வரியை மீண்டும் எழுதியிருக்கிறார்கள்.