நூறால் வகுக்க வேண்டியதை ஆயிரத்தால் வகுத்தால்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் யூனிட்டுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போடுகிறவர்களும் அதை வாங்கிப் பார்க்கிறவர்களும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

25 லட்சத்துக்கு ஒரு மெஷின், 5 வருஷம் ஓடும், கடைசியில் விற்றால் ஒன்றும் தேறாது என்று வைத்துக்கொள்வோம். அதனால் வருஷத்துக்கு 12 லட்சம் கூடுதலாக வருகிறது. பெங்களூரா மாம்பழ சீசன் மூன்று மாதம், மாசம் 80,000 கூலி, ஆக 2.4 லட்சம். ரிப்பேர் 1.8 லட்சம், இதர செலவு 1.2 லட்சம். மிச்சம் 6.6 லட்சம். 12% தள்ளுபடி விகிதத்தில் 5 வருஷத்துக்கான காரணி 3.6048. பெருக்கினால் 23.79 லட்சம். முதலீட்டைக் கழித்தால் என்பிவி, அதாவது இன்றைய மதிப்பில் நிகரமாகத் தேறுவது, மைனஸ் 1.21 லட்சம். வாங்கக் கூடாது.

இப்போது ரிப்பேர் வரியை மட்டும் பாருங்கள். அந்தத் தொகை வந்த பேப்பரில் "ரூ. ஆயிரத்தில்" என்று போட்டு 180 என்று இருக்கும். ஆயிரத்தை லட்சமாக்க நூறால் வகுக்க வேண்டும். ஆனால் கை பழக்கத்தில் ஆயிரத்துக்குப் போய்விடும், 0.18 என்று விழும். மிச்சம் 8.22 லட்சம் ஆகிறது, என்பிவி பிளஸ் 4.63 லட்சம். ஒரே ஒரு புள்ளி இடம் மாறியதில் "வேண்டாம்" என்பது "வாங்கு" என்றாகிவிட்டது.

இதில் என்னைக் கவலைப்படுத்துவது, விடை நம்பும்படி இருப்பதுதான். முதலீட்டு வரியில் பத்து மடங்கு பிசகினால் யாருக்கும் கண்ணில் படும். சின்னச் செலவு வரியில் பிசகினால் படாது. ஆனால் அது ஐந்து வருஷமும் திரும்பத் திரும்ப வருவதால், 1.62 லட்சப் பிழை 5.84 லட்சமாகப் பெருகி நிற்கிறது.

கூலியிலும் இதே கதை. மாசக் கூலி 0.8 என்பதை அப்படியே வருஷப் பத்தியில் எழுதிவிட்டால் என்பிவி பிளஸ் 4.56. அதையே 12-ஆல் பெருக்கினால் மிச்சமே மைனஸில் போகும், உடனே உஷாராகிவிடலாம். குறைவாக எழுதியதுதான் சத்தமில்லாமல் தப்பிக்கிறது. சீசன் தொழிலில் மாசத்தை வருஷமாக்கும் எண் 12 இல்லை, வேலை நடக்கும் மாதங்கள்தான்.

எக்செல்லில் `#,##0,` என்று ஃபார்மட் கொடுத்த செல், 1,80,000 ரூபாயை 180 என்றே காட்டும். உள்ளே இருப்பது முழு ரூபாய். திரையைப் பார்த்துத் திரும்ப டைப் செய்தால் பிசகு அங்கேயே ஆரம்பம்.

அதனால் எல்லா வரியையும் முழு ரூபாயில், வருஷக் கணக்கில் எழுதுங்கள். எத்தனை மாதம் என்பதற்குத் தனிப் பத்தி வையுங்கள். லட்சமாக்குவது கடைசி விடையில் மட்டும்:

```
=(NPV(12%,C2:C6)-2500000)/100000
```

பிறகு ஒவ்வொரு செலவையும் ரூபாயில் வாய்விட்டுப் படியுங்கள். "25 லட்சம் மெஷினுக்கு வருஷ ரிப்பேர் பதினெட்டாயிரம்" என்று சொல்லும்போதே, மெஷின் ஓட்டுகிற மேஸ்திரி நிமிர்ந்து பார்ப்பார்.