"நன்றி, வணக்கம்" சொல்வதற்குள் ஆள் போய்விடுகிறார்

நம்ம ஊர் யூடியூப் சமையல் வீடியோக்களில் பாதிக்கு மேல் கடைசி நாற்பது வினாடி ஒரே மாதிரிதான் இருக்கும். "சரி ஃப்ரெண்ட்ஸ், இன்னைக்கு இந்த ரெசிபி உங்க எல்லாருக்கும் பிடிச்சிருக்கும்னு நம்புறேன். பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, புதுசா வந்திருக்கறவங்க சப்ஸ்கிரைப் பண்ணிட்டு பக்கத்துல இருக்கற பெல் பட்டனை அழுத்துங்க. அடுத்த வீடியோல மீட் பண்ணலாம், அதுவரைக்கும்..." அப்புறம் இசை, சேனல் லோகோ, எண்ட் ஸ்கிரீன் என்று இருபது வினாடிக்கு அடுத்த வீடியோவைக் காட்டும் பெட்டிகள். இந்த நாற்பது வினாடிதான் பார்வையாளரை நம்முடைய அடுத்த வீடியோவுக்குப் போகவிடாமல் தடுக்கிறது என்பது என் கருத்து. கெட்ட பழக்கம் என்று சொல்லவில்லை, மரியாதைக்குத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த மரியாதையை ஏற்றுக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

சித்தி பெண் ஒருத்தி சமையல் சேனல் வைத்திருக்கிறாள், எடிட்டிங் நான்தான். அவளிடம் இதைச் சொன்னபோது, "அண்ணா, நான் நல்லாத்தானே முடிக்கிறேன், எண்ட் ஸ்கிரீன் கிளிக் எட்டு சதவீதம் காட்டுதே" என்றாள். அந்த எட்டு சதவீதம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. அதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் புரியும். எண்களைக் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் வைத்துக்கொண்டேன்.

எட்டு நிமிட இட்லி மாவு வீடியோ. பார்க்கத் தொடங்கியவர்கள் 1000 பேர். 7:20க்கு மாவு பொங்கி நிற்பதைக் காட்டி முடிக்கிறாள், அப்போது இருப்பவர்கள் 400 பேர். உடனே "சரி ஃப்ரெண்ட்ஸ்". எண்ட் ஸ்கிரீன் கடைசி 20 வினாடியில், அதாவது 7:40க்குத்தான் வருகிறது. அதற்குள் மிஞ்சியவர்கள் 150 பேர். அவர்களில் எட்டு சதவீதம் என்றால் 12 கிளிக். இப்போது விடைபெறும் பேச்சைத் தூக்கிவிட்டு, 7:20க்கே எண்ட் ஸ்கிரீனைத் தொடங்கி, 15 வினாடி உபயோகமாக ஏதாவது பேசி 7:35க்கு வீடியோவை முடித்துவிடுகிறோம். பெட்டிகள் 380 பேர் கண்ணில் படுகின்றன. கிளிக் ஐந்து சதவீதமாகக் குறைந்தாலும் 19 பேர் வருகிறார்கள். சதவீதம் இறங்கியது, ஆள் கூடியது.

சதவீதம் ஏன் இறங்குகிறது? நீளமான முடிவுரையை முழுசாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் ஏற்கனவே சேனலின் விசுவாசிகள். எந்தப் பெட்டி வைத்தாலும் தட்டுவார்கள். யூடியூப் ஸ்டூடியோவில் வரும் அந்தக் கிளிக் விகிதம், பெட்டியைப் பார்த்தவர்களை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. பெட்டி வரும் முன்பே கிளம்பியவர்கள் அதில் இல்லவே இல்லை. அதனால் அந்த எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள். எண்ட் ஸ்கிரீன் தொடங்கும் வினாடியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்.

சரி, ஏன் கிளம்புகிறார்கள்? இறங்கும் ஸ்டாப் வருவதற்கு முன்பே பஸ்ஸில் எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிடுவோமே, அதே புத்திதான். வீடியோ முடியப்போகிறது என்று தெரிந்த நொடியில் கட்டைவிரல் கிளம்பிவிடும். தெரிவிப்பது நாமே. குரலின் சுருதி மாறுகிறது, கை கும்பிடப் போகிறது, பின்னணி இசை ஏறுகிறது. கண்டுபிடிப்பதும் சுலபம். ஸ்டூடியோவில், எந்த வினாடியில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று காட்டும் பார்வையாளர் தக்கவைப்புக் கோட்டை எடுங்கள். கடைசிப் பகுதியில் அது சரிவாக இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் பள்ளம்போல் விழும். விழத் தொடங்கும் வினாடிக்கு ஐந்து வினாடி முன்னால் வைத்து ஓடவிட்டுக் கேளுங்கள். அங்கே "சரி ஃப்ரெண்ட்ஸ்" அல்லது "அவ்ளோதாங்க" இருக்கும். ஒரே வீடியோவை வைத்து முடிவுக்கு வரவேண்டாம். பார்வைகள் குறைவாக இருந்தால் கோடு சும்மாவே ஆடும். ஒரே வகையான நாலைந்து வீடியோவிலும் அதே மாதிரிச் சொல்லில் விழுகிறதா என்று பாருங்கள்.

கிளம்பியவர் எங்கே போகிறார் என்பதுதான் முக்கியம். கீழே யூடியூப் அடுக்கி வைத்திருக்கும் வீடியோக்களில் ஒன்றைத் தட்டுவார், அது பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருடையது. கை மாவில் இருப்பவர் எதையும் தட்டமாட்டார், ஆட்டோபிளே தானாக அடுத்ததை ஓட்டும். அதுவும் நம்முடையதாக இருக்கும் என்று உறுதி இல்லை. பிளேலிஸ்ட் வழியாக வந்தவருக்கு மட்டும் அந்தப் பட்டியலின் அடுத்த வீடியோ வரும். அதனால்தான் வாட்ஸப்பில் பகிரும்போது தனி வீடியோ லிங்க்கைவிட பிளேலிஸ்ட் லிங்க் மேல் என்கிறேன். பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

அந்த 15 வினாடியில் என்ன பேசுவது? எண்ட் ஸ்கிரீனுக்கு யூடியூப் தரும் அளவு 5 முதல் 20 வினாடி, வீடியோ குறைந்தது 25 வினாடி இருக்கவேண்டும், நாலு பெட்டி வரைக்கும் வைக்கலாம். நாலும் வைக்காதீர்கள், பார்ப்பவர் எதைத் தட்டுவது என்று யோசிப்பதற்குள் நேரம் போய்விடும். இட்லி மாவு வீடியோ என்றால் கடைசியாக இப்படி முடிக்கலாம்: "இதே மாவு மூணாவது நாள் புளிச்சுப் போச்சுன்னா கொட்டாதீங்க, வெங்காயம் தூவி ஊத்தப்பம் ஊத்தலாம், ஆனா தண்ணி அளவு மாறும்." அந்தச் சமயத்தில் ஊத்தப்ப வீடியோவின் பெட்டி திரையில் நிற்கவேண்டும். `Choose specific video` இதற்குத்தான் இருக்கிறது. பேச்சில் தொடர்ச்சி இல்லாத இடத்தில் `Best for viewer` வைத்துவிடுங்கள், அது உங்கள் சேனலிலிருந்தே அந்த ஆளுக்கு ஏற்றதை எடுத்துப் போடும். இன்னொன்று, பெட்டி வந்து உட்காரும் இடத்தில் சட்டியோ முகமோ இருக்கக்கூடாது. அதை ஷூட்டிங்கின்போதே யோசிக்கவேண்டும். தட்டை இடது பக்கம் வைத்து, வலது பக்கத்தைக் காலியாக விட்டு எடுங்கள்.

இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. ஒன்று, முடிவுரையை வெட்டியதும் சராசரிப் பார்வைச் சதவீதம் தானாக ஏறும். சராசரியாக நாலு நிமிடம் பார்க்கப்படும் எட்டு நிமிட வீடியோவுக்கு அது 50. நீளம் 7:35 ஆனால் யாரும் ஒரு வினாடி கூடுதலாகப் பார்க்காமலே 52 பக்கம் வந்துவிடும். அதை வெற்றி என்று கொண்டாடாதீர்கள். எண்ட் ஸ்கிரீன் வழியாக வந்த பார்வைகள் கூடினவா என்று டிராஃபிக் மூலத்தில் பாருங்கள். இரண்டாவது, சமையல் வீடியோவில் கடைசியில் ஆள் குறைவது எல்லாமே நஷ்டமில்லை. அளவு தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனவரை எந்தப் பெட்டியாலும் பிடித்துவைக்க முடியாது. ஊர்சுற்றும் வீடியோவோடு இதை ஒப்பிட்டு மனசு விட்டுவிடாதீர்கள்.

"இனிமே வர்ற வீடியோல பாத்துக்கலாம், பழசெல்லாம் என்ன பண்றது?" என்று சித்தி பெண் கேட்டாள். பழையதுதான் முதல் வேலை. இன்னும் தேடலில் ஆள் வந்துகொண்டிருக்கும் பழைய வீடியோக்களை மட்டும் எடுத்து, ஸ்டூடியோ எடிட்டரிலேயே கடைசிப் பகுதியை வெட்டலாம், லிங்க்கும் பார்வை எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். ஒரு லட்சம் பார்வை தாண்டிய வீடியோவில், பார்ட்னர் திட்டத்தில் இல்லாத சேனலுக்கு அந்த மாற்றத்தைச் சேமிக்கவிடாமல் போகலாம். அப்படியானால் பேச்சை விட்டுவிட்டு, எண்ட் ஸ்கிரீன் பெட்டியை 20 வினாடி எல்லைக்குள் எவ்வளவு முன்னால் நகர்த்த முடியுமோ அவ்வளவு நகர்த்துங்கள். வெட்டிச் சேமித்த வீடியோக்களில் பெட்டிகள் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.