வாய்ப்பாடு வராத பிள்ளைக்கு ரெண்டு பகடையும் ஒரு சீட்டுக்கட்டும்

என் மகளுக்கு எட்டு வயது. எட்டாம் வாய்ப்பாட்டை மனப்பாடமாகச் சொல்வாள். ஆனால் "ஆறெட்டு எவ்வளவு?" என்று நடுவில் கேட்டால், ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு என்று முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வருவாள். மேஜைக்கு அடியில் விரல் மடங்கும். வழியில் எங்காவது எண்ணிக்கை தவறினால் அவ்வளவுதான், முகம் சுருங்கிவிடும். அவளிடம் பாட்டு இருந்தது, எண்கள் இல்லை. எழுதி எழுதிப் பார்ப்பதால் இது தீராது என்பது என் கருத்து.

நாங்கள் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். முதல் விளையாட்டிலேயே நான் தப்பு செய்தேன். இரண்டு சீட்டைத் திறப்பது, பெருக்கி முதலில் கத்துபவருக்குச் சீட்டு. அவள் அண்ணனும் சேர்ந்துகொண்டான். பத்து நிமிடத்தில் அவள் யோசிப்பதையே விட்டுவிட்டு, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்ல ஆரம்பித்தாள். தடுமாறும் பிள்ளைக்கு வேகப்போட்டி வைத்தால் ஊகிக்கத்தான் பழகும். வேகம் பிறகு தானாக வரும். அன்றோடு அதை நிறுத்தினேன்.

அப்புறம் பகடை. கட்டம் போட்ட தாளில் பத்துக்குப் பத்து என்று ஒரு சதுரம் வரைந்துகொள்ளுங்கள், உள்ளே நூறு கட்டம். இரண்டு பகடையை உருட்ட வேண்டும். நாலும் ஆறும் விழுந்தால் நாலு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம் என்று ஒரு செவ்வகம் போட்டு, உள்ளே 24 என்று எழுத வேண்டும். அடுத்தவர் வேறு நிறத்தில். விழுந்த செவ்வகத்துக்கு இடமில்லாதபோது ஆட்டம் முடிந்தது. அதிகக் கட்டங்களை நிரப்பியவருக்கு வெற்றி. விடை தெரியாவிட்டால் எண்ணிப் பார்க்கலாம், அதில் வெட்கமே இல்லை.

மூன்றாவது நாளோ என்னவோ, அவளுக்கு மூன்றும் ஐந்தும் விழுந்தது. குறுக்கே போட இடமில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, இதை நிக்க வச்சா போயிடும்!" என்றாள். மூவைந்தும் ஐமூன்றும் ஒன்றுதான் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது அவளுடையதானது. இது சின்ன விஷயமில்லை. ஒன்றிலிருந்து பத்து வரையிலான வாய்ப்பாட்டில் இருக்கும் நூறு விடைகள், இந்த ஒரு புரிதலால் 55 ஆகிவிடுகின்றன. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவை எளிதாக வந்துவிடுவதால் அவற்றைக் கழித்தால் மிச்சம் 21தான். மூன்று, நாலு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது ஆகியவை தங்களுக்குள் பெருகுவது மட்டும்.

ஆனால் பகடைக்கு ஓர் எல்லை உண்டு. ஆறுக்கு மேல் எண்ணே கிடையாது. அதிலும் 12 நாலு விதமாக விழும், 25 ஒரே விதமாகத்தான் விழும். மாதக்கணக்கில் உருட்டினாலும் ஏழெட்டு வரவே வராது. அதனால் செவ்வகம் கைவந்ததும் சீட்டுக்கு மாறிவிட வேண்டும்.

ராஜா, ராணி, ஜாக்கியை எடுத்துவிடுங்கள். ஏஸும் பத்தும் வேண்டாம். 32 சீட்டு மிஞ்சும். ஏழாம் எண் சீட்டு ஒன்றை நடுவில் வைத்துவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகத் திறந்து ஏழால் பெருக்க வேண்டும். சரியாகச் சொன்னால் சீட்டு அவளுக்கு. வராவிட்டால் தெரிந்ததிலிருந்து கட்டலாம். ஏழெட்டு தெரியாதா, ஐயெட்டு நாற்பது, ஈரெட்டு பதினாறு, சேர்த்தால் 56. செவ்வகம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு ஏழு வரிசையை ஐந்தாகவும் இரண்டாகவும் வெட்டுவது கண்ணுக்குத் தெரியும். தடுமாறிய சீட்டை மட்டும் கட்டின் அடியில் போடாதீர்கள். மூன்று சீட்டுக்குக் கீழே செருகுங்கள். மறப்பதற்குள் அது திரும்பி வர வேண்டும்.

அண்ணனோடு விளையாட இன்னொரு முறை வைத்திருக்கிறோம். ஆளுக்கு இரண்டு சீட்டைத் திறந்து, தன்னுடையதைத் தானே பெருக்க வேண்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாம். பெரிய விடைக்கு நாலு சீட்டும். ஜெயிப்பது சீட்டு விழுவதைப் பொறுத்தது என்பதால் அவளும் சம அளவு ஜெயிக்கிறாள். போன வாரம் அவனுக்கு ஆறும் எட்டும், இவளுக்கு இரண்டு ஏழு. அவன் 48 என்றான். இவள் விரல் மடக்கவில்லை. "ஐயேழு முப்பத்தஞ்சு, ஈரேழு பதினாலு..." என்று முனகிவிட்டு, "நாப்பத்தொம்பது! ஒண்ணுதான் கூட, ஆனா எனக்குத்தான்!" என்று நாலு சீட்டையும் வாரிக்கொண்டாள்.

ஏழெட்டு மட்டும் இன்னும் மூன்று சீட்டுக்குக் கீழேதான் போய்க்கொண்டிருக்கிறது.