பணம் வராமல் முறைப்பாட்டை மூடியது யார்? ஓடர் இலக்கம் 4471-0826

முறைப்பாட்டு அதிகாரி அவர்களுக்கு,

இன்று காலை, செப்டெம்பர் 26, உங்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் முறைப்பாடு தீர்க்கப்பட்டு மூடப்பட்டதாம். சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எதைத் தீர்த்தீர்கள்? 38,500 ரூபா இன்னும் என் கணக்குக்கு வரவில்லை. பணத்தைத் தராமலே முறைப்பாட்டை மூடுவதற்கு உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

விபரம் எல்லாம் உங்களிடம் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஓகஸ்ட் 6ஆம் திகதி கிரைண்டர் ஒன்றை ஓடர் செய்து, டெபிட் காட்டில் முழுப் பணத்தையும் கட்டினேன். 9ஆம் திகதி வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தது, அடிப்பாகம் வெடித்தபடி. படம் அனுப்பினேன், திருப்பி எடுக்கச் சம்மதித்தீர்கள். 12ஆம் திகதி கூரியர்காரர் எடுத்துப் போனார். அவர் தந்த துண்டை இணைத்திருக்கிறேன். 14ஆம் திகதி உங்கள் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்தது, 18ஆம் திகதி செயலியில் ‘Refund processed’ என்று விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை.

நேற்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய தம்பியோடு நடந்ததைக் கேளுங்கள்.

“மிஸ், எங்கட சிஸ்டத்தில ரீபண்ட் கம்ப்ளீட் என்டுதான் காட்டுது.”

“தம்பி, பாங்கில வரேல்லை. அப்ப ஏஆர்என் நம்பரைத் தாங்கோ.”

“ஏழு தொடக்கம் பதினாலு வேலை நாள் பொறுங்கோ மிஸ்.”

“ஓகஸ்ட் பதினெட்டில இருந்து பொறுத்தாச்சு. நம்பரைத் தாங்கோ.”

“எங்கட சிஸ்டத்தில கம்ப்ளீட் என்டுதான்...”

திரும்பவும் அதே வசனம். நம்பர் கேட்டால் நாள் சொல்கிறார், நாள் முடிந்துவிட்டது என்றால் சிஸ்டம் என்கிறார், சிஸ்டம் பிழை என்றால் பாங்கைக் கேளுங்கள் என்கிறார். ஒவ்வொரு அழைப்பிலும் அந்தப் பதினான்கு நாள் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. அந்தத் தம்பியில் எனக்குக் கோபமில்லை. கையில் எந்த விடையும் கொடுக்காமல் அவரை எங்கள் முன்னால் நிறுத்தியிருப்பது நீங்கள்தான்.

பாங்குக்கும் போனேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். காட்டுக்கு ரீபண்ட் உண்மையாகவே அனுப்பப்பட்டிருந்தால், விற்பவரின் வங்கிப் பக்கத்தில் 23 இலக்கம் கொண்ட ஏஆர்என் என்ற நம்பர் ஒன்று உருவாகியிருக்கும். அது இருந்தால் பணம் எங்கே நிற்கிறதென்று என் பாங்கால் தேட முடியும். அது இல்லையென்றால், பெரும்பாலும் பணம் உங்களைவிட்டு வெளியே வரவேயில்லை. யாரோ ஒருவர் பட்டனை அழுத்தியதும் உங்கள் செயலி ‘முடிந்தது’ என்று காட்டியிருக்கலாம். கட்டணம் செலுத்தும் தளத்தில் அது தடைப்பட்டிருக்கவும் கூடும். காட் மாறியிருக்கும் என்ற கதையும் வேண்டாம்: அதே காட், அதே கணக்கு. ஓகஸ்ட் 18 முதல் நேற்று வரையான கணக்குக் கூற்றை இணைத்திருக்கிறேன். உங்கள் பெயரில் ஒரு ரூபா வரவு கிடையாது.

செப்டெம்பர் 11ஆம் திகதி வவுச்சராகத் தரட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாமென்று அன்றைக்கே எழுதினேன். நான் கட்டியது பணம். உடைந்த பொருளை அனுப்பியவர்களிடமே திரும்பவும் சாமான் வாங்கு என்று என்னைக் கட்டாயப்படுத்த முடியாது.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த 23 இலக்க நம்பரை ஒக்டோபர் 3ஆம் திகதிக்கு முன் இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்புங்கள். நம்பர் இல்லையென்றால், பணம் அனுப்பப்படவில்லை என்று எழுத்தில் ஒத்துக்கொண்டு அதே திகதிக்குள் கணக்கில் போடுங்கள். மூடிய முறைப்பாட்டையும் திறந்துவிடுங்கள்.

இல்லாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுப்பேன். பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. என் கணக்கில் அது நவம்பர் தொடக்கத்தோடு முடிகிறது. பொறுங்கள் பொறுங்கள் என்று நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு கிழமையும் அந்தக் காலத்தைத்தான் தின்கிறது. பாங்கிலும் காட் கொடுக்கல் வாங்கலுக்கு எதிரான ஆட்சேபணைப் படிவத்தை வாங்கி நிரப்பி வைத்திருக்கிறேன். அதற்கும் காலக்கெடு இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் தொலைபேசியில் தமிழுக்கு 3ஐ அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் நெடுநேரம் பாட்டுப் போடுகிறது, பிறகு சிங்களத்தில் ஒருவர் வந்து தமிழில் பேச இப்போது ஆளில்லை என்கிறார். நேற்றுத் தமிழில் பேச ஒருவர் கிடைத்தது அதிர்ஷ்டம். எனக்குச் சிங்களம் தெரியும், சமாளிப்பேன். என் அம்மாவுக்குத் தெரியாது. அவவும் உங்களிடம் காசு கொடுத்துத்தான் சாமான் வாங்குகிறா. அந்த 3ஆம் இலக்கத்துக்கு ஆளைப் போடுங்கள்.